மெய்நிகர் கணினிக்கு எந்த நெட்வொர்க் கார்டு? இன்டெல் பாவனையும் விர்ட்டியோவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் சிறு அலுவலகங்களிலும் வீவக வீடுகளிலும் ஒரே ஒரு கணினியில் புராக்ஸ்மாக்ஸ் நிறுவி, அதன்மேல் நான்கைந்து மெய்நிகர் கணினிகளை ஓட்டும் தமிழ் நண்பர்கள் கேட்கும் கேள்விகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. கேவிஎம், கியூஎமு ஆகியவற்றின் மேல் இயங்கும் அமைப்புகளே பெரும்பாலும் பேசப்படுகின்றன. அடியில் இயங்கும் உண்மைக் கணினியை ஹோஸ்ட் என்றும், அதனுள் இயங்கும் மெய்நிகர் கணினியை கெஸ்ட் என்றும் குறிப்பிட்டுள்ளேன்.

புதிய கெஸ்ட் உருவாக்கும்போது `Intel E1000`, `VirtIO (paravirtualized)`, `Realtek RTL8139` என்று ஒரு பட்டியல் வருகிறது. எதைத் தேர்ந்தெடுப்பது?

கெஸ்டில் இயங்கப்போகும் இயங்குதளத்துக்கு விர்ட்டியோ டிரைவர் கிடைக்கும் என்றால் விர்ட்டியோவைத் தேர்ந்தெடுங்கள். இன்று புழக்கத்திலுள்ள எல்லா லினக்ஸ் வெளியீடுகளிலும் அது கெர்னலோடே வருகிறது. விண்டோஸுக்குத் தனியாக நிறுவ வேண்டும். டிரைவர் கிடைக்காத பழைய இயங்குதளங்களுக்கும், டிரைவரை நிறுவும் வரையிலான இடைக்காலத்துக்கும் `e1000` பொருத்தமானது. `rtl8139` மிகப் பழைய விண்டோஸுக்காக மட்டுமே இன்னும் அந்தப் பட்டியலில் இருக்கிறது என்று எண்ணிக்கொள்ளலாம்.

இதில் மாற்றுக் கருத்துக்கு இடமுள்ள ஓர் இடம், ஃபயர்வால் வேலை செய்யும் கெஸ்டுகள். அதைப் பற்றிக் கீழே தனியாக எழுதியிருக்கிறேன்.

இரண்டுமே மென்பொருளில் உருவாக்கப்பட்ட கார்டுகள்தானே? உள்ளே அப்படி என்ன வேறுபாடு?

`e1000` என்பது இன்டெல் நிறுவனம் உண்மையிலேயே தயாரித்து விற்ற 82540EM என்ற சில்லின் பாவனை. அந்தச் சில்லில் என்னென்ன பதிவேடுகள் இருந்தனவோ, எந்தப் பதிவேட்டில் எழுதினால் என்ன நடந்ததோ, அவை அனைத்தையும் கியூஎமு அப்படியே நடித்துக் காட்டுகிறது. கெஸ்டில் உள்ள டிரைவர், தான் உண்மையான சில்லோடு பேசுவதாகவே நினைத்துக்கொள்கிறது. எனவே அந்தச் சில்லுக்காக எழுதப்பட்ட எந்த டிரைவரும், மெய்நிகர் கணினி என்பதே தெரியாத காலத்தில் எழுதப்பட்டதாக இருந்தாலும், மாற்றமின்றி வேலை செய்யும். பாவனையின் முழுப் பயனும் இந்தப் பொருந்திப்போகும் தன்மையில்தான் இருக்கிறது.

விலை வேறிடத்தில் வசூலிக்கப்படுகிறது. கெஸ்ட் அந்தக் கற்பனைப் பதிவேடு ஒன்றைத் தொடும் ஒவ்வொரு முறையும் அதன் சிபியு நிறுத்தப்பட்டு, கட்டுப்பாடு ஹோஸ்டின் கெர்னலுக்கும், அங்கிருந்து கியூஎமு நிரலுக்கும் போய், வேலை முடிந்தபின் திரும்பி வர வேண்டும். பாக்கெட்டுகளை அனுப்பத் தொடங்கச் சொல்ல ஒரு பதிவேடு. இன்டரப்ட் வந்தால் காரணம் என்ன என்று படிக்க ஒரு பதிவேடு. இன்டரப்டை அடைக்கவும் திறக்கவும் வேறு பதிவேடுகள். உண்மைச் சில்லில் இவை மிகச் சிறிய வேலைகள். பாவனையில் ஒவ்வொன்றும் ஒரு நீண்ட சுற்றுப் பயணம்.

விர்ட்டியோவுக்கு எந்த உண்மைச் சில்லும் முன்மாதிரி அல்ல. அது கெஸ்டும் ஹோஸ்டும் தங்களுக்குள் செய்துகொண்ட ஓர் ஏற்பாடு. தான் மெய்நிகர் கணினியில் இருப்பது கெஸ்டின் டிரைவருக்குத் தெரியும். இரு தரப்பும் அணுகக்கூடிய நினைவகத்தில் ஒரு வரிசையை வைத்துக்கொண்டு, கெஸ்ட் அதில் பாக்கெட்டின் முகவரியை எழுதிவைக்கிறது, ஹோஸ்ட் எடுத்துக்கொள்கிறது. மணியடித்து அழைக்க வேண்டிய தேவை குறைவு. ஹோஸ்ட் ஏற்கெனவே வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தால் அழைப்பே வேண்டாம் என்று சொல்லிவிடவும் அதற்கு வழி உண்டு. 2008-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வெளியான லினக்ஸ் 2.6.24 கெர்னலில் விர்ட்டியோ இடம்பெற்றது. பின்னர் 2010-இல் வந்த 2.6.34 கெர்னலில் வீ-ஹோஸ்ட் சேர்ந்தபோது, பாக்கெட்டுகள் கியூஎமுவுக்குள் நுழையாமல் ஹோஸ்ட் கெர்னலிலேயே கைமாறத் தொடங்கின.

எங்கள் அலுவலக நெட்வொர்க்கே 1 ஜிகாபிட்தான். `e1000`-உம் 1 ஜிகாபிட் என்றுதான் காட்டுகிறது. பிறகு எதற்கு மாற்ற வேண்டும்?

அந்த 1 ஜிகாபிட் என்பது வெறும் பெயர்ப்பலகை. பாவிக்கப்படும் சில்லின் அடையாளமாக அந்த எண்ணை கியூஎமு காட்டுகிறதே தவிர, அந்த வேகத்தில் எதுவும் கட்டுப்படுத்தப்படுவதில்லை. ஹோஸ்டின் சிபியு வலுவாக இருந்தால் `e1000` 1 ஜிகாபிட்டைத் தாண்டவும் கூடும். சிபியு வலுவற்றதாக இருந்தால் அதை எட்டாமலே நின்றுவிடவும் கூடும். லினக்ஸ் கெஸ்டில் விர்ட்டியோ கார்டின் வேகத்தை `ethtool` கொண்டு பார்த்தால் பெரும்பாலும் `Unknown!` என்றே வரும். அதைக் கோளாறு என்று எண்ணிக் கவலைப்படுபவர்கள் பலர், கவலை தேவையில்லை.

வேகம் போதுமானதாகத் தோன்றும் இடத்திலும் சிபியு செலவில் வேறுபாடு இருக்கிறது. ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வழக்கமான முழு அளவு ஈதர்நெட் சட்டம் ஒன்று, இடைவெளிகளையும் சேர்த்து, கம்பியில் 1538 பைட்டுகள் பிடிக்கும். அப்படியானால் 1 ஜிகாபிட் முழுவதும் நிறைந்து ஓடும்போது விநாடிக்கு ஏறத்தாழ 81,000 சட்டங்கள் கடக்கின்றன. `e1000` வழியே கெஸ்ட் ஒரு பெரிய டிசிபி துண்டை அனுப்பினாலும், கியூஎமு அதைத் தானே சிறு சட்டங்களாக நறுக்கி ஒவ்வொன்றாக ஹோஸ்ட் கெர்னலிடம் தருகிறது. விர்ட்டியோவில் 64 கிலோபைட் வரையிலான டிசிபி துண்டு நறுக்கப்படாமலே கைமாறும். அதே 1 ஜிகாபிட்டுக்கு விநாடிக்கு ஏறத்தாழ 1,900 துண்டுகள் போதும். வெளியே போகும் நேரம் வரும்போது ஹோஸ்டில் உள்ள உண்மைக் கார்டு தன் வன்பொருளிலேயே அதை நறுக்கிக்கொள்ளும். ஒரே ஹோஸ்டில் உள்ள இன்னொரு கெஸ்டுக்குப் போவதானால் நறுக்கவே தேவையில்லை. அதனால்தான் இரண்டு விர்ட்டியோ கெஸ்டுகளுக்கிடையே 10 ஜிகாபிட்டைத் தாண்டிய வேகம் கிடைப்பது அரிதல்ல.

இந்தக் கணக்கு பெரிய டிசிபி கோப்புகளுக்குப் பொருந்தும். குரல் அழைப்பு போன்ற சிறு யூடிபி பாக்கெட்டுகளை இப்படிச் சேர்த்துக் கட்ட முடியாது. அங்கே விர்ட்டியோவின் ஆதாயம் சுற்றுப் பயணங்கள் குறைவதால் மட்டுமே வருகிறது.

நம் ஊர் வீடுகளில் இதற்கு இன்னொரு முகமும் உண்டு. பலர் அந்தச் சிறு கணினியைக் காற்றோட்டமில்லாத பொருள்வைப்பறையில், ரூட்டருக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். பாவனைக்காக வீணாகும் சிபியு நேரம் அந்த அறையில் வெப்பமாகத்தான் முடிகிறது. தேசிய அகண்ட அலைவரிசைக் கட்டமைப்பை 10 ஜிகாபிட்டுக்கு உயர்த்த 100 மில்லியன் வெள்ளி வரை ஒதுக்கப்படும் என்று 2024-இல் அறிவிக்கப்பட்டதிலிருந்து, வீட்டிலேயே 10 ஜிகாபிட் இணைப்பு வாங்கியவர்கள் பெருகிவிட்டார்கள். அந்த வேகத்தில் விநாடிக்கு எட்டு லட்சம் சட்டங்கள் என்றாகும்போது பாவனைக் கார்டை வைத்துக்கொண்டு முழு வேகத்தை எதிர்பார்ப்பது நடவாத காரியம்.

வேகக் குறைவுக்குக் காரணம் கார்டுதான் என்று எப்படி உறுதி செய்வது?

கோப்பு நகலெடுத்துப் பார்ப்பது சரியான சோதனை அல்ல. அதில் வட்டின் வேகமும் கலந்துவிடும். ஒரு முனையில் `iperf3 -s` ஓடட்டும். கெஸ்டிலிருந்து இரு திசைகளையும் தனித்தனியாகச் சோதியுங்கள்.

```
iperf3 -c 192.168.10.20 -t 30
iperf3 -c 192.168.10.20 -t 30 -R
```

சோதனை ஓடும் அந்த அரை நிமிடத்தில் ஹோஸ்டில் `top -H` கட்டளையைத் திறந்து பாருங்கள். `e1000` பயன்பாட்டில் இருந்தால், அந்த கெஸ்டுக்குரிய `kvm` நிரலின் முதன்மை இழையோ `CPU 0/KVM` போன்ற இழையோ ஒரு முழு சிபியு கருவைத் தின்றுகொண்டிருக்கும். விர்ட்டியோவாக இருந்தால் `vhost-` என்று தொடங்கும் இழை ஒன்று வேலை செய்வதைக் காண்பீர்கள். ஒரு கரு நூறு விழுக்காட்டில் நின்று, அதே நேரத்தில் வேகமும் ஓர் எண்ணைத் தாண்டாமல் நின்றால், தடை கார்டில் இருக்கிறது. எல்லாக் கருக்களும் ஓய்வாக இருக்க வேகம் மட்டும் 940 மெகாபிட்டில் நின்றால், தடை உங்கள் சுவிட்சிலோ கம்பியிலோ இருக்கிறது. கார்டை மாற்றிப் பயனில்லை.

இன்னும் ஆழமாகப் பார்க்க விரும்புவோர் ஹோஸ்டில் `perf kvm stat live` கொடுத்தால், கெஸ்ட் எந்தக் காரணத்துக்காக எத்தனை முறை நிறுத்தப்படுகிறது என்பது நேரடியாகத் தெரியும். கார்டை மாற்றுவதற்கு முன்னும் பின்னும் அந்தத் திரையை ஒப்பிடுவதைவிடத் தெளிவான சான்று வேறில்லை.

விண்டோஸ் 11 நிறுவும்போது பாதியில் நெட்வொர்க் இல்லை என்று நின்றுவிடுகிறது. விர்ட்டியோதான் தேர்ந்தெடுத்திருந்தேன்.

விண்டோஸின் நிறுவல் வட்டில் விர்ட்டியோ டிரைவர் இல்லை. ஃபெடோரா திட்டம் வெளியிடும் `virtio-win.iso` கோப்பை இரண்டாவது சிடி இயக்ககமாக அந்த கெஸ்டோடு இணையுங்கள். நின்றுபோன திரையில் `Shift+F10` அழுத்தினால் கட்டளைச் சாளரம் திறக்கும். அந்த வட்டு `E:` என்று வந்திருந்தால் பின்வருமாறு கொடுக்கலாம்.

```
pnputil /add-driver E:\NetKVM\w11\amd64\netkvm.inf /install
```

சில விநாடிகளில் `Red Hat VirtIO Ethernet Adapter` என்ற கார்டு தோன்றி நிறுவல் தொடரும். இதற்கு மாறாக, முதலில் `e1000` வைத்து நிறுவிவிட்டு, பிறகு டிரைவரைப் போட்டு மாற்றிக்கொள்வதும் தவறில்லை. 64 பிட் விண்டோஸ் அந்த இன்டெல் சில்லைத் தானாகவே அடையாளம் காணும். ஆனால் பிறகு மாற்றுவதாகச் சொல்லி வைத்தவை பெரும்பாலும் அப்படியே கிடந்துவிடுகின்றன என்பதால், முதல் வழியையே நான் பரிந்துரைப்பேன்.

லிட்டில் இந்தியாவில் எங்கள் கணக்காளர் அலுவலகத்தில் விண்டோஸ் சர்வர் 2019 ஒன்று மூன்று ஆண்டுகளாக `e1000`-இல் ஓடுகிறது. நிலையான ஐபி முகவரி கொண்டது. எல்லாரும் அதிலுள்ள பகிர்வுக் கோப்புறைகளைத்தான் பயன்படுத்துகிறார்கள். உடைக்காமல் மாற்றுவது எப்படி?

மாற்றத்தின்போது இரண்டு விஷயங்களைக் காப்பாற்ற வேண்டும்: ஒன்று கார்டின் மேக் முகவரி, மற்றொன்று ஐபி அமைப்பு. மேக் முகவரியை நீங்களே எழுதிக் கொடுத்தால் அது மாறாது. ஐபி அமைப்போ கட்டாயம் தொலைந்துபோகும், ஏனென்றால் விண்டோஸ் அதைக் கார்டின் அடையாளத்தோடு சேர்த்து வைத்திருக்கிறது. மேக் முகவரி ஒன்றாகவே இருந்தாலும் புதிய மாதிரி என்பது அதன் கண்ணுக்கு வேறொரு கார்டு.

முதல் வேலை, பழைய கார்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே டிரைவரை உள்ளே வைத்துவிடுவது. வட்டை இணைத்து, மேலே காட்டிய கட்டளையையே `2k19` கோப்புறையைச் சுட்டிக் கொடுங்கள். பிறகு `ipconfig /all` வெளியீட்டை ஒரு கோப்பில் சேமித்து, அதை அந்த சர்வருக்கு வெளியே எங்காவது வைத்துக்கொள்ளுங்கள். டிஎன்எஸ் முகவரிகளை நினைவிலிருந்து எழுதிக்கொள்ளலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அந்த நேரத்தில் அவை நினைவுக்கு வருவதில்லை.

டிரைவர் உண்மையில் வேலை செய்கிறதா என்பதை, பழைய கார்டைத் தொடாமலே சோதித்துக்கொள்ளலாம். புராக்ஸ்மாக்ஸில் அந்த கெஸ்டுக்கு இரண்டாவதாக ஒரு விர்ட்டியோ கார்டைச் சேர்த்து, அது தானாக முகவரி பெறுகிறதா என்று பார்த்துவிட்டு நீக்கிவிடுங்கள். இந்த ஐந்து நிமிடச் சோதனையைச் செய்துவிட்டால் மீதி வேலையில் பதற்றமே இருக்காது.

அலுவலகம் மூடியபின், பழைய கார்டில் உள்ள நிலையான முகவரியை எடுத்துவிட்டுத் தானியங்கி முகவரிக்கு மாற்றுங்கள். இதைச் செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்பதைச் சொல்லிவிடுகிறேன்: பழைய கார்டு நீங்கியபின்பும் அதன் பதிவு மறைந்த நிலையில் விண்டோஸுக்குள் இருக்கும், புதிய கார்டுக்கு அதே முகவரியைக் கொடுக்கும்போது, அந்த முகவரி இப்போது கணினியில் இல்லாத வேறொரு கார்டுக்கு ஏற்கெனவே தரப்பட்டுள்ளது என்று எச்சரிக்கை வரும். பிறகு சர்வரை நிறுத்திவிட்டு, ஹோஸ்டில் இப்போதைய அமைப்பைப் பாருங்கள்.

```
qm config 101 | grep net0
net0: e1000=BC:24:11:5A:3C:10,bridge=vmbr0,firewall=1

qm set 101 --net0 virtio=BC:24:11:5A:3C:10,bridge=vmbr0,firewall=1
```

மாதிரியின் பெயரைத் தவிர வேறெதையும் மாற்றாமல் அதே வரியைத் திருப்பி எழுதுவதே இதன் சூட்சுமம். மேக் முகவரியை விட்டுவிட்டால் புராக்ஸ்மாக்ஸ் புதிதாக ஒன்றை உருவாக்கிவிடும். ரூட்டரில் அந்த முகவரிக்கென ஒதுக்கி வைத்தவையும், மேக் முகவரியோடு கட்டப்பட்ட மென்பொருள் உரிமங்களும் அதோடு போய்விடும்.

சர்வரை மீண்டும் இயக்கி, புராக்ஸ்மாக்ஸின் கன்சோல் வழியாக உள்ளே போங்கள். தொலைமேசை வழியாகப் போக முடியாது, ஏனெனில் முகவரி இன்னும் அமைக்கப்படவில்லை. டிவைஸ் மேனேஜரில் மறைந்த சாதனங்களைக் காட்டச் சொல்லி, மங்கலாகத் தெரியும் இன்டெல் கார்டை நீக்குங்கள். பிறகு புதிய கார்டுக்கு நிலையான முகவரியைக் கொடுங்கள்.

இந்த இடத்தில்தான் பெரும்பாலோர் வேலை முடிந்தது என்று வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். மறுநாள் காலையில், பிங் கூட வரவில்லை, கோப்புறை திறக்கவில்லை என்று அழைப்பு வரும். விண்டோஸ் புதிய கார்டைப் புதிய நெட்வொர்க்காகக் கருதி, அதைப் பொது வகையில் போட்டிருக்கும். பொது வகையில் கோப்புப் பகிர்வை ஃபயர்வால் அடைத்துவிடும். டொமைனில் இணைந்த சர்வர் என்றால் அது தானாகச் சரியாகிவிடும். இல்லையென்றால் பவர்ஷெல்லில் வகையைப் பார்த்து மாற்ற வேண்டும்.

```
Get-NetConnectionProfile
Set-NetConnectionProfile -InterfaceIndex 7 -NetworkCategory Private
```

எண் 7 என்பதற்குப் பதிலாக முதல் கட்டளை காட்டும் எண்ணை இடுங்கள். கடைசியாக, வேறொரு கணினியிலிருந்து கோப்புறையைத் திறந்து பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். ஏதேனும் பிசகினால் திரும்பும் வழி எளிது: அதே `qm set` வரியில் `virtio` என்பதை மறுபடியும் `e1000` ஆக்கிவிட்டு, பழைய கார்டுக்கு முகவரியைக் கொடுத்தால் போதும்.

லினக்ஸ் கெஸ்டிலும் இத்தனை வேலை இருக்கிறதா?

இல்லை. டிரைவர் உள்ளேயே இருக்கிறது. கார்டின் பெயர் பெரும்பாலும் அது செருகப்பட்டுள்ள இடத்தை வைத்தே அமைவதால், புராக்ஸ்மாக்ஸில் `ens18` என்று இருந்தது மாற்றத்துக்குப் பிறகும் வழக்கமாக `ens18` என்றே இருக்கும். மற்ற அமைப்புகளில் பெயர் மாறக்கூடும் என்பதால், மாற்றும் முன் கன்சோல் வழியே உள்ளே நுழைய முடிகிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். மாறியபின் `ethtool -i ens18` கொடுத்தால் டிரைவர் `virtio_net` என்று காட்ட வேண்டும்.

வீட்டில் பிஎஃப்சென்ஸ் ஃபயர்வாலை ஒரு கெஸ்டாக வைத்து, அதன் வழியாகத்தான் மற்ற கெஸ்டுகள் இணையத்துக்குப் போகின்றன. விர்ட்டியோவுக்கு மாற்றியதும் பிங் போகிறது, ஆனால் ஒரு வலைப்பக்கமும் திறக்கவில்லை. `e1000`-க்குத் திரும்பினால் எல்லாம் சரியாகிவிடுகிறது. விர்ட்டியோவில் பிழையா?

நீங்கள் சொல்லும் அறிகுறி, செக்சம் எனப்படும் சரிபார்ப்புத் தொகையைக் காட்டிக்கொடுக்கிறது. பாக்கெட்டு வழியில் சிதையவில்லை என்று காட்ட ஒவ்வொரு டிசிபி பாக்கெட்டிலும் ஒரு தொகை எழுதப்படும். விர்ட்டியோ வழியே ஒரு கெஸ்டிலிருந்து இன்னொரு கெஸ்டுக்குப் போகும் பாக்கெட்டு நினைவகத்தை விட்டு வெளியே போவதே இல்லை என்பதால், தொகையைக் கணக்கிடும் வேலையைத் தள்ளிப்போட்டுவிட்டு, இன்னும் எழுதப்படவில்லை என்ற குறிப்போடு அனுப்புகிறார்கள். கடைசியில் பாக்கெட்டைப் பெறுவது அதே கெஸ்ட் என்றால் இதில் தீங்கில்லை. நடுவில் இருப்பது ஃபயர்வால் என்றால், அது முகவரியை மாற்றி அதே பாக்கெட்டை வெளியே அனுப்புகிறது. அந்தக் குறிப்பு வழியில் உதிர்ந்துவிட்டால் தவறான தொகையோடு பாக்கெட்டு இணையத்துக்குப் போய், மறுமுனையில் சத்தமில்லாமல் வீசப்படுகிறது. பிங் இந்த ஏற்பாட்டுக்குள் வராத வேறு வகைப் பாக்கெட்டு என்பதால் அது மட்டும் தப்பித்துக்கொள்கிறது. `e1000`-இல் தொகை எப்போதும் எழுதப்பட்டே வெளியேறும். ஆகவே அங்கே இந்தச் சிக்கல் எழுவதில்லை.

தீர்வு ஒரே ஒரு பெட்டியில் குறியிடுவது. பிஎஃப்சென்ஸில் `System > Advanced > Networking` பக்கத்துக்குப் போய், வன்பொருள் செக்சம் கணக்கீட்டை முடக்கும் `Disable hardware checksum offload` என்பதைத் தேர்ந்தெடுத்து, அந்த கெஸ்டை மறுபடி தொடங்குங்கள். அதே பக்கத்தில் `LRO` என்பதையும் முடக்கியே வையுங்கள். வந்த பாக்கெட்டுகளை ஒட்டிப் பெரிதாக்கும் அந்த வசதி, பாக்கெட்டுகளை வேறிடத்துக்குக் கடத்துவதையே வேலையாகக் கொண்ட கணினிக்கு ஏற்றதல்ல.

பாக்கெட்டுகளைப் பிடித்துப் பார்த்து உறுதி செய்ய விரும்பினால் ஓர் எச்சரிக்கை. அனுப்பும் கணினியில் `tcpdump -vv` ஓட்டினால் `cksum ... (incorrect` என்ற சொல் எப்போதும் வரும், ஏனென்றால் தொகை எழுதப்படும் முன்பே `tcpdump` பாக்கெட்டைப் பார்த்துவிடுகிறது. அதை வைத்து எந்த முடிவுக்கும் வரக்கூடாது. ஹோஸ்டுக்கு வெளியே உள்ள பெறும் முனையில் பிடித்த பாக்கெட்டிலும் அந்தச் சொல் இருந்தால்தான் உண்மையான கோளாறு.

இந்த ஒரு சிக்கலுக்குப் பயந்து ஃபயர்வாலை `e1000`-இலேயே விட்டுவைக்கும் பழக்கத்தை என்னால் ஏற்க முடியவில்லை. வீட்டின் அத்தனை போக்குவரத்தும் அந்த கெஸ்டுக்குள் ஒரு கார்டு வழியாக நுழைந்து இன்னொன்று வழியாக வெளியேறுகிறது. பாவனையின் செலவை இரட்டிப்பாகக் கட்டும் இடம் அதுதான். செக்சம் கணக்கீட்டை முடக்கிய விர்ட்டியோ சிறிது வேகம் குறைந்தாலும், பாவனைக் கார்டை எளிதில் முந்தும்.

ஜூரோங்கில் உள்ள பட்டறையில் ஒரு வெட்டு இயந்திரத்தை இயக்கும் மென்பொருள் விண்டோஸ் எக்ஸ்பியில் மட்டும்தான் ஓடுகிறது. அதை மெய்நிகர் கணினியாக்க வேண்டும்.

எக்ஸ்பிக்கு `rtl8139` தேர்ந்தெடுங்கள். அதன் டிரைவர் எக்ஸ்பியின் வட்டிலேயே உள்ளது. `e1000` பாவிக்கும் சில்லை எக்ஸ்பி தானாக அறியாது. இன்டெல்லின் பழைய டிரைவரைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கும். எக்ஸ்பிக்கான விர்ட்டியோ டிரைவரும் பழைய வெளியீடுகளில் உண்டென்றாலும், இயந்திரத்துக்குச் சில கிலோபைட் வரைபடங்களை அனுப்பும் வேலைக்கு அந்தச் சிரமம் தேவையில்லை. பாதுகாப்புத் திருத்தம் நின்றுபோன இயங்குதளம் என்பதால், அதற்கு இணைய வழி கொடுக்காமல் தனி பிரிட்ஜ் ஒன்றில் வைப்பதே முறை. லினக்ஸிலும் 2.6.24-க்கு முந்தைய கெர்னல் கொண்டவற்றுக்கு, தயாரிப்பாளர் தனியாக டிரைவர் சேர்த்திருந்தாலொழிய, பாவனைக் கார்டுதான் வழி.

நெட்வொர்க் வழியே விண்டோஸ் நிறுவும் சர்வர் எங்களிடம் இருக்கிறது. விர்ட்டியோ கெஸ்ட் தொடங்குகிறது, கோப்புகளும் இறங்குகின்றன, அதன்பின் நெட்வொர்க் காணாமல் போகிறது.

தொடக்கக் கட்டத்தில் கார்டை இயக்குவது கெஸ்டின் பயோஸ் பக்கத்தில் உள்ள நிரல். அதற்கு விர்ட்டியோ தெரியும். பிறகு கட்டுப்பாடு விண்டோஸின் நிறுவல் சூழலுக்குக் கைமாறும்போது, அதற்கு விர்ட்டியோ தெரியாது. நிறுவல் படிமத்துக்குள்ளேயே டிரைவரைச் சேர்த்துவிட்டால் சிக்கல் தீரும்.

```
mkdir C:\mnt
dism /Mount-Image /ImageFile:C:\boot.wim /Index:2 /MountDir:C:\mnt
dism /Image:C:\mnt /Add-Driver /Driver:E:\NetKVM\w11\amd64\netkvm.inf
dism /Unmount-Image /MountDir:C:\mnt /Commit
```

நிறுவப்படும் விண்டோஸ் படிமத்துக்கும் இதையே செய்ய வேண்டும். இல்லையென்றால் நிறுவி முடிந்து முதல்முறை தொடங்கும்போது அதே நிலைதான்.

விஎம்வேர், ஹைப்பர்-வி ஆகியவற்றிலும் இதே கதைதானா?

பெயர்கள் மட்டும் வேறு. விஎம்வேரில் `E1000`, `E1000E` பாவனை வகை; `VMXNET3` விர்ட்டியோவின் இடத்தில் இருப்பது. லினக்ஸில் 2.6.32 கெர்னலிலிருந்து அதற்கு டிரைவர் உண்டு. விண்டோஸில் விஎம்வேர் டூல்ஸ் நிறுவ வேண்டும். ஹைப்பர்-வியில் பழைய 100 மெகாபிட் சில்லைப் பாவிக்கும் `Legacy Network Adapter`, முதல் தலைமுறை கெஸ்டை நெட்வொர்க் வழியே தொடங்க மட்டுமே தேவைப்படுவது.

ஏற்கெனவே விர்ட்டியோதான். ஆனாலும் வேகம் வரவில்லை.

மடிக்கணினியில் கியூஎமுவை நேரடியாக ஓட்டுபவர் என்றால், முதலில் பின்னணி இணைப்பைப் பாருங்கள். `-netdev user` என்று இருந்தால் ஒவ்வொரு பாக்கெட்டும் கியூஎமுவுக்குள் இருக்கும் ஒரு சிறு நெட்வொர்க் நிரலின் வழியாகப் போகிறது. அங்கே எந்தக் கார்டு வைத்தாலும் பெரிய முன்னேற்றம் இருக்காது. ஹோஸ்டில் ஒரு பிரிட்ஜ் அமைத்து, `tap0` என்ற இடைமுகத்தை உருவாக்கி அதில் சேர்த்து, பின்வரும் வடிவுக்கு மாற வேண்டும்.

```
-netdev tap,id=n0,ifname=tap0,script=no,vhost=on \
-device virtio-net-pci,netdev=n0,mac=52:54:00:12:34:56
```

புராக்ஸ்மாக்ஸ் வீ-ஹோஸ்டைத் தானாகவே இயக்கிவிடுகிறது. அங்கே வேகம் குறைந்தால், `top -H` திரையில் ஒற்றை `vhost-` இழை முழுக் கருவையும் பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். பிடித்திருந்தால் வரிசைகளின் எண்ணிக்கையைக் கூட்டலாம்: `net0` வரியின் இறுதியில் `,queues=4` என்று சேர்த்து, கெஸ்டை நிறுத்தித் தொடங்கியபின், உள்ளே `ethtool -l ens18` கொண்டு நான்கும் பயன்பாட்டில் உள்ளனவா என்று சரிபாருங்கள். கெஸ்டுக்குத் தந்த சிபியு எண்ணிக்கைக்கு மேல் வரிசை வைப்பதில் பயனில்லை. ஒரே ஒரு இணைப்பில் ஒரே ஒரு கோப்பை இழுக்கும்போது பல வரிசைகளால் வேகம் கூடாது. ஓர் இணைப்பின் பாக்கெட்டுகள் ஒரு வரிசையிலேயே செல்லும். `iperf3`-இல் `-P 4` சேர்த்து நான்கு இணைப்புகளாகச் சோதித்தால்தான் வேறுபாடு கண்ணுக்குத் தெரியும்.